ஒரே மதிப்பெண், இரண்டு வேறு இலக்கணங்கள்: இடைமொழி குறித்துப் பயிற்சி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இடைமொழி என்று எதைச் சொல்கிறார்கள்? அரைகுறை மொழிக்கு வைத்த மரியாதையான பெயர்தானா?

அப்படி இல்லை. புதிய மொழியொன்றைக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருடைய மனத்தில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இயங்கும் விதிகளின் தொகுப்பையே அந்தச் சொல் குறிக்கிறது. அவ்விதிகள் முழுவதும் தாய்மொழிக்கு உரியவை அல்ல. கற்கும் மொழிக்கு உரியவையும் அல்ல. ஆனாலும் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கின்படியே மாணவர் தம் வாக்கியங்களை அமைக்கிறார். நமக்குச் சரியாகத் தோன்றும் வாக்கியமும் பிழையாகத் தோன்றும் வாக்கியமும் அவருக்கு ஒரே விதியிலிருந்து பிறந்தவையாக இருக்கக்கூடும்.

இந்தச் சொல்லை மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் வெளியான தம் கட்டுரையின் வழியாக நிலைநிறுத்தினார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1967இல், பிட் கார்டர் என்பவர் மாணவரின் பிழைகளைக் களைய வேண்டிய குப்பையாகப் பார்க்காமல், அவர் எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கான சான்றாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார். இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் அனைத்தும் அந்தக் கருத்தின் மேல் நிற்பவையே.

எடுத்துக்காட்டுகளுக்கு, தமிழ் பேசும் மாணவர் ஆங்கிலத்தில் எதிர்மறை வாக்கியம் அமைக்கும் முறையை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் ஒலிப்படியே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

பிழைக்கு ஒழுங்கு உண்டு என்பதை ஒரு விடைத்தாளை வைத்துக் காட்ட முடியுமா?

இரண்டு மாணவர்களின் விடைத்தாள்களை அருகருகே வைத்தால் தெளிவாகத் தெரியும். இவை வகுப்பில் நாம் அன்றாடம் காணும் வாக்கியங்களைக் கொண்டு நானே அமைத்த மாதிரிகள்.

முதல் மாணவி எழுதிய ஆறு வாக்கியங்கள் இவை: "ஐ டோன்ட் லைக் ரெயின்." "வி டோன்ட் ப்ளே ஹியர்." "மை பிரதர் டோன்ட் லைக் கேம்ஸ்." "ஷி டோன்ட் கேன் ஸ்விம்." "யெஸ்டர்டே ஹி டோன்ட் கம்." "ஐ காண்ட் ஸீ தி போர்டு."

இரண்டாம் மாணவர் எழுதியவை: "ஐ டோன்ட் லைக் ரெயின்." "வி டோன்ட் ப்ளே ஹியர்." "மை சிஸ்டர் டஸின்ட் லைக்ஸ் கேம்ஸ்." "ஷி காண்ட் ஸ்விம்." "ஹி டிடின்ட் கேம் யெஸ்டர்டே." "தே டிடின்ட் ஸா மீ."

வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண் என்று கொண்டால் இருவருக்கும் ஆறுக்கு மூன்று. மதிப்பெண் பட்டியலில் இவர்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள்; மொழிக் கற்றலில் இவர்கள் நிற்கும் இடங்களோ வெகுவாக வேறுபட்டவை.

முதல் மாணவியிடம் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது: எதிர்மறை வேண்டுமானால் வினைக்கு முன்னால் "டோன்ட்" வைக்க வேண்டும். அவருக்கு "டோன்ட்" என்பது பிரிக்க முடியாத ஒற்றைச் சொல். அதற்குள் "டூ" என்ற துணைவினையும் "நாட்" என்ற எதிர்மறைச் சொல்லும் இருக்கின்றன என்பது அவருக்கு இன்னும் புலப்படவில்லை. ஆகையால் எழுவாய் அண்ணனாக இருந்தாலும், நிகழ்ச்சி நேற்று நடந்ததாக இருந்தாலும், "கேன்" என்ற துணைவினை ஏற்கெனவே வாக்கியத்தில் இருந்தாலும், அதே "டோன்ட்" வருகிறது. சரியாக அமைந்த முதல் இரண்டு வாக்கியங்களும் இதே விதியிலிருந்து வந்தவைதாம். எழுவாய் தன்மையாகவும் காலம் நிகழ்காலமாகவும் இருந்தமையால் அவருடைய விதியும் ஆங்கிலத்தின் விதியும் அங்கே தற்செயலாக ஒன்றிவிட்டன. ஆறாம் வாக்கியம் மட்டும் வேறு வகை. "ஐ காண்ட் ஸீ தி போர்டு" என்பது வகுப்பில் நாள்தோறும் காதில் விழும் தொடர்; அதை அவர் முழுதாக மனப்பாடமாகவே வைத்திருக்கிறார். "கேன்" என்பதை எதிர்மறையாக்கத் தெரிந்திருந்தால் நான்காம் வாக்கியத்தில் "டோன்ட் கேன்" வந்திருக்காது.

இரண்டாம் மாணவர் "டோன்ட்" என்பதை உடைத்துப் பார்த்துவிட்டார். அந்தச் சொல் எழுவாய்க்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்பதை அறிந்திருப்பதால்தான் அவரிடம் "டஸின்ட்", "டிடின்ட்" ஆகியவை சரியான இடத்தில் வருகின்றன; "கேன்" தானே எதிர்மறையை ஏற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்கு எட்டாமல் இருப்பது ஒன்றே ஒன்று: துணைவினை காலத்தைச் சுமந்துவிட்டால் முதன்மை வினை மறுபடியும் அதைச் சுமக்கக் கூடாது. அவருடைய மூன்று பிழைகளும் அந்த ஒரே இடைவெளியிலிருந்து வருகின்றன. "டிடின்ட் கேம்" என்று எழுதுபவர் "டோன்ட் கம்" என்று எழுதுபவரைவிட நெடுந்தொலைவு முன்னால் இருக்கிறார். திருத்தும் பேனாவுக்கு இரண்டும் ஒரே சிவப்புக் கோடாகத் தெரிவது வருத்தத்துக்குரியது.

பிழைகளுக்குத் தாய்மொழிதானே காரணம்? அதை ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

தாய்மொழி ஒரு காரணம், ஆனால் ஒரே காரணம் அன்று. எதிர்மறை வாக்கியத்தையே பாருங்கள். தமிழில் எதிர்மறை வினைக்குப் பின்னால் வருகிறது: "போகவில்லை", "பிடிக்காது". தாய்மொழி மட்டுமே மாணவரை நடத்தியிருந்தால், தொடக்க நிலையில் அவர் "ஐ கோ நோ" என்பது போல எதிர்மறைச் சொல்லை வினைக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். முதல் மாணவி அவ்வாறு செய்யவில்லை. வினைக்கு முன்னால் வைக்கிறார்.

வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கில எதிர்மறையைக் கற்பதை 1970களில் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தபோது, பாதை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. முதலில் வினைக்கு முன் "நோ" வருகிறது: "ஐ நோ கோ." அடுத்து, பிரிக்கப்படாத "டோன்ட்" அந்த இடத்தைப் பிடிக்கிறது. பிறகு "காண்ட்", "இஸின்ட்" போன்றவற்றில் துணைவினையோடு எதிர்மறை சேர்கிறது. கடைசியில் "டோன்ட்", "டஸின்ட்", "டிடின்ட்" மூன்றும் பகுத்துணரப்பட்டுத் தனித்தனியே நிலைபெறுகின்றன. படிகள் கத்தரித்து வைத்ததுபோல் இருப்பதில்லை. ஒரு படியில் இருக்கும் மாணவரிடம் முந்தைய படியின் வாக்கியங்களும் சில நாள்கள் தங்கியிருக்கும்.

தாய்மொழியின் பங்கு இந்தப் பாதைக்குள்தான் தெரிகிறது. ஸ்பானிய மொழியில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னால் வருவதால், அம்மொழியினர் முதல் படியில் கூடுதல் காலம் தங்க நேர்கிறது. தம் மொழியோடு ஒத்துப்போகும் விதியை விட்டுவிட அவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. ஜெர்மன் பேசும் சிறுவர்கள் துணைவினைப் படியை எட்டிய பிறகு, தம் மொழியில் இருப்பதுபோல் வினைக்குப் பின்னால் "நாட்" வைத்துப் பார்க்கிறார்கள். தொடக்கத்திலேயே அவர்கள் அப்படிச் செய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. இடைமொழி ஒரு கட்டத்தை அடைந்த பிறகே தாய்மொழியின் குறிப்பிட்ட கூறு உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது.

தமிழிலிருந்து நேராக வருவனவும் உண்டு. "யெஸ்டர்டே ஒன்லி ஹி கேம்" என்பதில் "நேற்றுதான் வந்தான்" என்பதன் "தான்" அப்படியே இருக்கிறது; அழுத்தம் பெறும் சொல்லுக்குப் பின்னால் "ஒன்லி" ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இவ்வழக்கு ஆங்கிலம் சரளமாகப் பேசும் தமிழரிடமும் பரவலாக உண்டு. சுற்றியிருப்போர் எல்லாரும் பேசுவதைக் கேட்டு ஒரு மாணவர் அதையே சொன்னால், அவர் தாம் கேட்ட மொழியைச் சரியாகவே கற்றிருக்கிறார் என்று பொருள். எழுத்து வழக்குக்கு உரிய வடிவத்தை அவருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கலாம். இடைமொழிப் பிழை என்று குறித்துக்கொள்ளக் கூடாது.

சென்ற மாதம் சரியாகச் சொன்ன மாணவர் இப்போது தவறாகச் சொல்கிறார். பின்னடைவா?

பெரும்பாலும் முன்னேற்றம். "வென்ட்" என்று சரியாகச் சொல்லிவந்த மாணவர், இறந்தகால விகுதியைக் கற்ற சில வாரங்களில் "கோட்" என்று சொல்லத் தொடங்குவார். "கோ" என்பதோடு இறந்தகால ஒலியை ஒட்டிய வடிவம் அது. முன்பு அவர் சொன்ன "வென்ட்" தனிச்சொல்லாக மனத்தில் இருந்தது; "கோ" என்பதோடு அதற்கு உறவு இருப்பதாக அவர் எண்ணவே இல்லை. இப்போது இறந்தகாலத்துக்கு ஒரு விதி கிடைத்துவிட்டதால் அதை எல்லா வினைகளுக்கும் விரித்துப் பார்க்கிறார். இதை மிகைப் பொதுமைப்படுத்தல் என்பார்கள். சில காலம் கழித்து "வென்ட்" திரும்பி வரும்; அப்போது அது விதிவிலக்கு என்ற அறிவோடு வரும். சரியில் தொடங்கி, கீழிறங்கி, மீண்டும் சரிக்கு ஏறும் இந்த வளைவை ஒரே ஒரு தேர்வைக் கொண்டு காண முடியாது.

தமிழைப் புதிதாகக் கற்பவரிடமும் இதே வளைவு உண்டு. "கேட்டான்", "நின்றான்" என்று சரியாகச் சொன்னவர், "பாடினான்", "ஓடினான்", "பேசினான்" ஆகியவற்றின் ஒழுங்கைக் கண்டுகொண்ட பிறகு "கேளினான்", "நில்லினான்" என்று சொல்லக்கூடும். அவர் காதில் யாரும் அவ்வடிவங்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே மொழி கற்றல் என்றால் "கேளினான்" எங்கிருந்து வந்திருக்கும்? அவர் விதியைத் தாமே வகுத்திருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சொந்த மொழியில் இதைக் காணும்போது பிழையின் மேல் இருக்கும் எரிச்சல் குறைகிறது. பயிற்சிக் காலத்திலேயே இந்த அனுபவம் கிடைப்பது நல்லது.

நாம் கற்பிக்கும் முறையே பிழையை உண்டாக்குமா?

உண்டாக்கும். செலிங்கர் தம் கட்டுரையில் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று இங்கே பொருந்தும். செர்போ-குரோவேசிய மொழி பேசும் மாணவர்கள், தம் மொழியில் "அவன்", "அவள்" வேறுபாடு இருந்தும், ஆங்கிலத்தில் பெண்களையும் "ஹி" என்றே குறித்தார்கள். பாடநூல்களும் ஆசிரியர்களும் பயிற்சி வாக்கியங்களில் எப்போதும் "ஹி" என்பதையே பயன்படுத்தியது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் வகுப்புகளில் தொடர்வினைப் பாடத்துக்குப் பிந்தைய வாரத்தைக் கவனியுங்கள். இரண்டு வாரம் "ஐ ஆம் ரீடிங்", "ஷி இஸ் ரைட்டிங்" என்று மட்டும் பயிற்சி தந்தால், "எவ்ரி டே ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல்" என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள். ஒரே பிழை ஒரே வாரத்தில் பலரிடம் திடீரென்று தோன்றினால், மாணவரின் தாய்மொழியை ஆராய்வதற்கு முன் நம் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்ப்பது நேர்மையானது.

எல்லாப் பிழையும் இடைமொழிப் பிழைதானா? கவனக்குறைவு என்று ஒன்று இல்லையா?

உண்டு. கார்டர் இவ்விரண்டையும் பிரித்தே பேசினார். களைப்பாலோ அவசரத்தாலோ நேரும் வழுவை மாணவரே திருத்திக்கொள்வார். அவருடைய விதி சரியாகவே இருக்கிறது. விதியிலிருந்து வரும் பிழையை அவரால் காண முடியாது, ஏனெனில் அவருடைய அளவுகோலின்படி அது பிழையே அன்று. வாக்கியத்தின் அடியில் கோடு மட்டும் இட்டு, எதையும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் மாணவர் "டிடின்ட் கேம்" என்பதை "டிடின்ட் கம்" என்று தாமே மாற்றினால் அது வழு. "டிடின்ட்" என்பதன் எழுத்துக்கூட்டலை மாற்றிவிட்டு "கேம்" என்பதைத் தொடாமல் விட்டால், அவர் தேடும் இடமே வேறு என்று தெரிகிறது. ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அதே சூழல் மூன்று நான்கு முறை வரும்படி எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பிழையே செய்யாத மாணவரிடம் இடைமொழியை எப்படிக் காண்பது?

அவர் எதை எழுதவில்லை என்று பாருங்கள். ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலப் பெயரெச்சத் தொடர்களில் சீன, ஜப்பானிய மாணவர்கள் பாரசீக, அரபு மாணவர்களைவிடக் குறைவாகப் பிழை செய்தார்கள். எளிதாக இருந்ததால் அன்று; அத்தகைய தொடர்களையே அவர்கள் குறைவாகப் பயன்படுத்தினார்கள். தமிழிலும் "நேற்று வந்த பையன்" என்று அடை பெயருக்கு முன்னால் வருவதால், அதைப் பெயருக்குப் பின்னால் வைக்கும் ஆங்கில அமைப்பை நம் மாணவர்கள் ஒதுக்கிவிட்டு, இரண்டு சிறு வாக்கியங்களாக எழுதித் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அந்த அமைப்பைத் தவிர்க்க முடியாத கேள்வி ஒன்றைக் கொடுத்தால்தான் உண்மை நிலை தெரியும்.

அப்படியானால் எதைத் திருத்துவது, எப்படித் திருத்துவது?

மாணவர் நிற்கும் படிக்கு அடுத்த படியைத் திருத்துங்கள். மன்ஃப்ரெட் பீனமன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் கற்ற இத்தாலியக் குழந்தைகளுக்குச் சொல்வரிசை மாற்ற விதியொன்று கற்பிக்கப்பட்டது. அதற்கு முந்தைய படியில் இருந்த குழந்தைக்கு அது பயன்பட்டது. இன்னும் கீழே இருந்த குழந்தைக்கு அதே பாடம் பயன்படவில்லை.

நம் முதல் மாணவிக்கு "டிட் வந்தால் வினையின் மூலவடிவம் வரும்" என்ற விதியைச் சொல்வதில் பயன் குறைவு. அவரிடம் "டிட்" என்பதே இன்னும் இல்லை. "ஐ டோன்ட்", "ஹி டஸின்ட்" என்ற இணைகளையும், "டோன்ட் கம்", "டிடின்ட் கம்" என்ற இணைகளையும் பொருள் வேறுபாடு தெரியும்படி அருகருகே கேட்கச் செய்து, அந்தச் சொல்லுக்குள் ஏதோ மாறுகிறது என்பதை அவர் உணர வைப்பதே அவருக்குரிய பாடம். இரண்டாம் மாணவருக்கு இது தெரிந்த செய்தி. "ஹி கேம்", "டிட் ஹி கம்?", "ஹி டிடின்ட் கம்" என்ற மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, காலத்தைக் காட்டும் இடத்தை ஒவ்வொன்றிலும் வட்டமிடச் சொன்னால், வட்டம் ஒரு வரிக்கு ஒன்றுதான் என்பதை அவரே காண்பார்.

வாய்மொழித் திருத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாணவி "யெஸ்டர்டே ஹி டோன்ட் கம்" என்கிறார். ஆசிரியர் "ஓ, ஹி டிடின்ட் கம்?" என்று சரியான வடிவில் மீளச் சொல்கிறார். மாணவி "யெஸ் ஸார், ஃபீவர்" என்கிறார். ஆசிரியர் திருத்தியதாக நினைக்கிறார். மாணவியோ தாம் சொன்னதை அவர் உறுதிப்படுத்திக்கொண்டதாக நினைக்கிறார். ராய் லிஸ்டரும் லீலா ராண்டாவும் 1997இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த வகையாகவே இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாணவரிடமிருந்து திருத்தத்துக்கான எதிர்வினை ஏதேனும் வந்தது. "ஹி டோன்ட் கம் டுடே? ஆர் யெஸ்டர்டே?" என்று கேட்டு, வடிவத்தை மாணவியே தேடும்படி விடுவது இதைவிடக் கூர்மையான வழி. ஆனால் அவர் தேடி எடுக்கக்கூடிய வடிவம் மனத்தில் ஓரளவேனும் இருந்தால்தான் அது பலிக்கும்.

சில பிழைகள் எத்தனை ஆண்டு ஆனாலும் போவதில்லையே?

செலிங்கர் அதை உறைதல் என்று குறித்தார். மாணவரின் மற்ற வாக்கிய அமைப்புகள் வளர்ந்துகொண்டிருக்க, ஒரு கூறு மட்டும் அசையாமல் நிற்கும். நிதானமாக எழுதும்போது சரியாக வந்து, விரைந்து பேசும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பும். பொருள் தடையின்றிப் புரிந்துவிடும் இடங்களில் இது எளிதில் நேர்கிறது. "ஹி டோன்ட் லைக் இட்" என்பதைக் கேட்டவர் எவரும் குழம்புவதில்லை. ஒரு பள்ளி ஆண்டுக்குள் மாறாததை உறைந்துவிட்டதாக முத்திரை குத்துவது அவசரம். அது வெறும் நீண்ட தங்கலாகவும் இருக்கலாம்.

நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவர் இடைமொழியையும் எப்படிப் பின்தொடர்வது?

எல்லாவற்றையும் பின்தொடர வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மறை என்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தன்மை எழுவாய், படர்க்கை ஒருமை எழுவாய், இறந்தகாலம், "கேன்" ஆகிய நான்கு சூழல்களும் இரண்டிரண்டு முறை வரும்படி எட்டு வாக்கியங்கள் எழுதச் செய்யுங்கள். படத்தைக் காட்டி எழுதச் செய்வது நல்லது. தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் தாய்மொழித் தாக்கத்தை நாமே கூட்டிவிடுவோம். மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு சூழலிலும் மாணவர் எழுதிய வடிவத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டங்களிலும் "டோன்ட்" என்றே இருக்கும் வரிசையும், "டோன்ட், டஸின்ட் லைக்ஸ், டிடின்ட் கேம், காண்ட்" என்றிருக்கும் வரிசையும் பார்த்தவுடன் பிரிந்து தெரியும். நாற்பது பேர் பெரும்பாலும் மூன்று நான்கு குழுக்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அடுத்த முறை எழுதும்போது "டோன்ட் கம்" என்பது "டிடின்ட் கேம்" என்று மாறியிருந்தால், அந்த மாணவிக்கு எதிரே முன்னேற்றம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் இன்னும் சுழியாகவே இருந்தாலும்.